ஆபீசில் சொன்ன ஒரு வார்த்தை

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்று அருப்புக்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நான் அந்த ஆபீசின் ஆள். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் ஆயா வேலை பார்த்த பழக்கம் மட்டும் உண்டு. மில் வேலையில் இடுப்பு விட்டுப்போன வீட்டுக்காரர், காலேஜில் படிக்கும் மகள் என்று இருக்கும்போது, மாரியாத்தா காட்டிய வழி இது என்று நினைத்துத்தான் அந்தப் படியேறினேன்.

ஆபீஸ் நடத்துகிற அக்கா முதலில் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆபீசுக்கு என்றார்.

"மூணுல ஒரு பங்குன்னா மாசத்துல பத்து நாள் உங்களுக்குல்ல நான் பீ மூத்திரம் அள்ளணும்?" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாய் இருக்குத்தா உனக்கு. சரி, நாலுல ஒண்ணு. பதிவுப் பணம் வேண்டாம். மாசம் ரெண்டு நாள் லீவு. ஒரு வீடு முடிஞ்சு அடுத்த வீடு கிடைக்கிற வரைக்கும் சம்பளம் கிடையாது. சம்மதமா?"

நோயாளியின் வீட்டார் கையெழுத்துப் போடுகிற தாளை எனக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர்களிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று தெரியாமல் நாலில் ஒன்று எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் சம்மதித்தார். பிறகு அவருடைய கட்டுப்பாடுகளைச் சொன்னார். பார்க்கிற வீட்டில் போன் நம்பர் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. வேலை முடிந்த வீட்டுக்குப் போகக் கூடாது. "ஆபீஸ் எதுக்கு, நேரா வா" என்று யாராவது கூப்பிட்டால் உடனே சொல்ல வேண்டும்.

மேசைக்குப் பின்னால் அம்மன் படம் மாட்டியிருந்தது. "ஆத்தா சத்தியமா மீற மாட்டேன்க்கா" என்றேன். அவர் சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

மூன்றாவதாக எனக்குக் கிடைத்த வீடு திருச்சுழியில். விதையும் உரமும் விற்கிற கடைக்காரர் வீடு. அவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம், இடது கை கால் வராது. பேச்சு குழறும். ஆனால் என்ன பேசினாலும் புரியும். முப்பது வருடம் அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர். படுக்கையிலும் கல்லாவில் இருப்பது போலத்தான் இருப்பார்.

தண்ணீராக எது கொடுத்தாலும் புரை ஏறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, வலது பக்கமாகக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பேன்.

"இது என்னடி... கஞ்சியா? சுவத்துக்குப் பூசுறதா?" என்று குழறுவார்.

"சுவத்துக்குப் பூசினா மிச்சத்த நான் குடிச்சிருவேன்ம்மா. வாயத் தெறங்க."

"திருட்டுச் சிறுக்கி" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பார்.

அண்ணாச்சி, அம்மாவின் மருமகளான அவர் மனைவி, நான் மூவரும் ஒரு கட்டுப்பாட்டுக்குள் இருந்தோம். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தால் வாசல் பக்கம் போய்விடுவேன். மருமகளை அக்கா என்பேன். அவரும் என்னை ஒரு நாளும் "ஏய்" என்று கூப்பிட்டதில்லை. வெள்ளிக்கிழமை எனக்கும் சேர்த்து ஒரு முழம் பூ வாங்கி வைப்பார். ஆள் வைத்திருக்கிற வீட்டில் அது பெரிய மரியாதை.

அங்கே போய் ஒரு மாதம் கழித்து ஒன்று கண்டுபிடித்தேன். அம்மா கஞ்சியோ குழைந்த சோறோ முழுவதும் விழுங்குவதில்லை. செத்துப்போன இடது கன்னத்துக்குள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். அது அவருக்கே தெரியாது, அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை. அப்படியே படுக்க வைத்தால் தூக்கத்தில் அது தொண்டைக்குள் இறங்கி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். அதனால் சாப்பாடு முடிந்ததும் விரலில் ஈரத்துணி சுற்றி இடது கன்னத்தை வழித்து எடுப்பேன். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் சாய்ப்பேன். அம்மா என் விரலைக் கடிப்பது போல் பாசாங்கு செய்வார். மருமகள் கடைக்குப் போன நேரத்தில் நடக்கிற காரியம் இது. தினமும் நானே செய்துவிடுவதால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. என் முதல் தப்பு அது.

ஆறாவது மாதம் ஒரு காலையில் அண்ணாச்சி கடைக்குக் கிளம்புகிறவர் நின்றார்.

"தாயி, ஒண்ணு கேக்கேன். நாங்க குடுக்கிறதுல நாலுல ஒண்ணு மாடிக்குப் போகுது. ஒரு நாள் வந்து எங்க அம்மா உயிரோட இருக்காகளான்னு எட்டிப் பாத்திருக்காகளா அவுக? அடுத்த மாசத்துலருந்து நேரா வந்துரு. முழுசும் உனக்கே."

என் மகளின் பரீட்சைப் பணம் கண் முன்னால் வந்தது. அம்மன் படமும் வந்தது.

"அவுகதான் அண்ணாச்சி இந்த வீட்டக் காட்டிவிட்டாக. வாக்குக் குடுத்திருக்கேன். மாற முடியாது. மனசுல வச்சுக்கிறாதீக."

அவர் சங்கடப்படவில்லை. "சரித்தா, கேட்டேன், அவ்வளவுதான். விடு" என்று வண்டியை எடுத்தார். அத்தோடு அது முடிந்துவிட்டது. அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

சம்பளம் வாங்க மாடிக்குப் போன அன்று அதை நான் சொன்னேன். சத்தியத்தில் அதுவும் ஒரு பங்கு என்பதால் சொன்னேன். இன்னும் உண்மையாகச் சொன்னால், "பார், நான் எப்பேர்ப்பட்ட ஆள்" என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஆபீஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். காபி வரவழைத்துக் கொடுத்தார். "உன்ன மாதிரி நாலு பேரு போதும்த்தா எனக்கு" என்றார்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஒரு பெண் பையோடு வந்து இறங்கினாள். எனக்குப் பதில் ஆள். எனக்கு மல்லாங்கிணறு பக்கம் ஒரு வீடு என்றாள். ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"உன் மேல குத்தம் சொல்லலத்தா. இன்னைக்கு நீ வேண்டாம்பே. நாளைக்கு இன்னும் கூடக் குடுத்தா? ஒரு வீடு ஆளோட ஒட்டிக்கிட்டா ஆபீஸுக்கு அந்த வீடு போச்சு. மாத்தித்தான் ஆகணும்."

உள்ளே திரும்பினேன். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஆபீசில் இருந்து அவருக்கும் பேசியிருக்கிறார்கள். எங்கள் ஆளை இழுக்கப் பார்த்தீர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று.

"நீ வேண்டாம்னு சொன்ன, நானும் சரின்னேன். அத்தோட விட்டிருக்கலாமே தாயி. போட்டுக் குடுக்கணுமா?"

சொன்னது நான்தான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வந்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கஞ்சியின் பதத்தைச் சொன்னேன், கன்னத்தைச் சொன்னேன். வேறொரு வீட்டில் இரவெல்லாம் விழித்துவிட்டு வந்தவள், கண் சிவந்திருந்தது. "பத்து வருசமாப் பாக்கேன்க்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு வேளை இருந்து செய்து காட்டிவிட்டுப் போகிறேன் என்று மருமகளிடம் கேட்டேன்.

"எதுனாலும் ஆபீஸ்ல சொல்லிக்கிருங்க" என்றார் அவர். 'வா, போ' என்று தங்கை மாதிரி பேசியவர், அன்று 'ங்க' போட்டுப் பேசினார்.

மல்லாங்கிணற்றில் இருந்து அன்றே ஆபீசுக்குப் பேசினேன். "இடது கன்னத்துல ஒதுங்குதுக்கா. வழிச்சு எடுக்கணும். அந்தப் பிள்ளைக்குச் சொல்லிருங்க." சொல்லிவிடுவதாகச் சொன்னார். மறுநாளும் கேட்டேன். "சொல்லியாச்சுத்தா, உன் வீட்டப் பாரு" என்றார். அவர் குரலிலேயே தெரிந்தது, சொல்லவில்லை என்று. அண்ணாச்சியின் நம்பர் என்னிடம் இல்லை. வாங்கக் கூடாது என்பதால் வாங்கியதே இல்லை. புது வீட்டில் வேறொரு அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் என் விரல் தன்னால் இடது பக்கம் போகும்.

என் லீவு வர இருபத்து மூன்று நாள் இருந்தது. அந்த நாள் வந்ததும் அருப்புக்கோட்டை வந்து வீரசோழன் பஸ் ஏறினேன். என் ஊருக்கு அந்த பஸ்தான். ஆனால் திருச்சுழியில் இறங்கிவிட்டேன். பார்த்த வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் சத்தியம். கடைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லையே என்று ஆத்தாவிடமே வழக்காடிக்கொண்டு நடந்தேன்.

கடையில் விவசாயம் பார்க்கிற இரண்டு சம்சாரிகள் பருத்தி விதை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொத்தவரங்கா விதை ஒரு பாக்கெட்டு குடுங்க அண்ணாச்சி" என்றேன். விதைக்க எனக்கு ஒரு முழம் நிலம் கிடையாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். விதையை எடுத்து வைத்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மாவுக்கு இடது கன்னத்துல சோறு ஒதுங்கும் அண்ணாச்சி. சாப்பிட்டதும் துணி சுத்தி வழிச்சு எடுக்கணும். உடனே படுக்க வைக்கக் கூடாது."

அவர் கை பில் புத்தகத்தின் மேல் நின்றது.

"அம்மா மதுரையில ஆஸ்பத்திரில இருக்காக. அஞ்சு நாளாச்சு. நெஞ்சுல சளி, காய்ச்சல் எறங்கல."

அவர் போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் இருந்த வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். "மூக்குக் குழாய்ல ஊத்துறது இருக்கட்டும். காலைல வாய் வழியா என்னமும் குடுத்தியா? ரெண்டு கரண்டியா? இடது கன்னத்துல வெரலைவிட்டுப் பாரு. பாருன்னா பாரு." கொஞ்ச நேரம் காத்திருந்தார். அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தேன்.

"இருக்குல்ல? நர்ஸுகிட்டச் சொல்லு. இப்பவே சொல்லு" என்று போனை வைத்தார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"ஆபீஸ்ல சொன்னேன் அண்ணாச்சி. ரெண்டு தடவ சொன்னேன்."

"ஆபீஸ்ல எல்லாத்தையும்தான் சொல்லுவ நீ" என்றார். திட்டுகிற குரல் இல்லை. களைத்துப்போன குரல்.

என் நம்பரைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். சத்தியம் உடைந்தால் உடையட்டும், ஆத்தா என் கண்ணை எடுத்தாலும் எடுக்கட்டும். அவர் கேட்கவில்லை. விதைப் பாக்கெட்டைத் தாளில் சுற்றி, காசை வாங்கிக்கொண்டு, மிச்சச் சில்லறையை மேசை மேல் வைத்தார். அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன பாக்கெட்டு?" என்றார்.

அடுத்த மாதம் சம்பளம் வாங்கும்போது அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "அந்த வீட்டுல இப்ப நம்ம ஆள் இல்லத்தா. என்ன ஏதுன்னு தெரியல" என்றார் ஆபீஸ் அக்கா. பேசியபடி நாலில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஒரு ரூபாய் குறையவில்லை. அதில் அவரை ஒன்றும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமைகளில் விளக்கேற்றும்போது அந்த அம்மா பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். வாக்கைக் காப்பாற்றினேனே ஆத்தா, அதற்கா இது என்று கேட்கிறேன். நான் செய்தது புண்ணியத்தில் சேருமா பாவத்தில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் ஓரம் பிடித்து உட்காருகிறேன். திருச்சுழியில் அந்தக் கடை வருவதற்கு முன்பே கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கடை திறந்திருக்கும். அண்ணாச்சி யாருக்காவது விதை அளந்துகொண்டிருப்பார். கடை திறந்திருக்கிறது, அப்படியென்றால் அம்மா இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் பதினாறாம் நாள் காரியம் கழிந்தால் எந்தக் கடையும் திறந்துவிடும். நான் அந்த வழியில் போவது மாதத்துக்கு ஒரு தடவைதான்.