நான்காம் பகுதியில் ஒரே ஆள்

அந்த மருத்துவமனைக் கட்டட வேலையில் அவளைப் பர்சன்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வியாழக்கிழமை ஆனால் போதும், தலையில் ஹெல்மெட்டும் கையில் அட்டையுமாக மாடி மாடியாக ஏறி, "எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டபடி வருவாள். டைல்ஸ் போடுகிறவர் "தொண்ணூறு" என்பார். போன வாரமும் தொண்ணூறு, அதற்கு முந்தின வாரமும் தொண்ணூறு. கட்டட வேலையில் தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது, அதை நீந்திக் கடந்தவர்கள் குறைவு. அதனால் அவள் வாயால் சொன்ன கணக்கை எழுதுவதே இல்லை. எத்தனை சதுர மீட்டர் ஒட்டியிருக்கிறது என்று தானே அளந்து பார்த்துத்தான் எழுதுவாள்.

பதினோரு வருடமாக இதே வேலை. திட்டப் பொறியாளர் என்று அடையாள அட்டையில் இருக்கும். நடைமுறையில், வாராவாரம் கெட்ட செய்தியை நல்ல தாளில் எழுதிக் கொடுக்கிற வேலை. வெள்ளிக்கிழமை அறிக்கை போகும், திங்கட்கிழமை அதை வைத்துக் கூட்டம் நடக்கும், வியாழக்கிழமை மறுபடியும் மாடிப்படி. அவள் முழங்காலுக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு படியும் பழக்கம்.

அறிக்கைக்கு நான்கு பகுதிகள். முதலாவது, எவ்வளவு முடிந்தது என்கிற சதவீதம். கட்டடத்தைக் கட்டச் சொன்ன முதலாளி தரப்பில் பாதிப் பேர் இதோடு தாளை மூடிவிடுவார்கள். இரண்டாவது, வரப்போகிற மூன்று வாரத்தில் என்னென்ன வேலை என்ற முன்பார்வை. மூன்றாவது, கிரிட்டிகல் பாத். எந்த வேலைகள் ஒரு நாள் தள்ளினால் கட்டடத்தை ஒப்படைப்பதே ஒரு நாள் தள்ளுமோ, அந்த வேலைகளின் சங்கிலியும் அதிலுள்ள கவலைகளும். பெயின்ட் ஒரு மாதம் தாமதமானாலும் குடி முழுகாது. ஆனால் மின்சாரம் வராமல் லிஃப்ட் ஓடாது, லிஃப்ட் ஓடாமல் தீயணைப்புச் சோதனை நடக்காது, அது நடக்காமல் நோயாளி ஒருவர்கூட உள்ளே வரமுடியாது. நான்காவது, ஆள், பொருள், இயந்திரம் என்று எதில் தட்டுப்பாடு. அந்த இடத்தில் வாராவாரம் ஒரே வாசகம்தான் இருக்கும்: "குறிப்பிடும்படி எதுவும் இல்லை."

அப்படி எழுதச் சொன்னது மேலாளர். அவரை வில்லன் என்று நினைக்க வேண்டாம், அவரும் பாவம், மாத்திரை டப்பாவோடு அலைகிற மனிதர். "நம்மகிட்ட ஆள் பத்தலன்னு நாமே எழுதிக் குடுத்தா, தாமதம் நம்ம தலையில விடியும்மா" என்பார். அதில் பொய்யும் இல்லை. முதலாளி தரப்பால் தாமதமானால் நாள் கூட்டிக் கொடுப்பார்கள். நம் ஆள் குறைவால் தாமதமானால் யார் கொடுப்பார்கள்?

அந்த நான்காம் பகுதியில் எழுதாமல் விட்ட ஆள் அவள் வீட்டில்தான் இருந்தான். அவள் கணவன் கேபிள் ஜாயின்டர். கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் தடித்த உயரழுத்தக் கேபிள்களை, துண்டுக்குத் துண்டு சேர்த்து இணைப்புப் போடுகிறவன். குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, உறையை அடுக்கடுக்காக உரித்து, தூசி படாமல் துடைத்து, ஒரு இணைப்பு முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கத்தி முனை ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினாலும் உள்ளே மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பில் கோடு விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சோதனைக்கு மின்னழுத்தம் ஏற்றும்போது வெடிக்கும்.

முதலில் இரண்டு ஜாயின்டர்கள் இருந்தார்கள். அட்டவணையில் நாள் பற்றவில்லை என்று மேலாளர் தவித்தபோது, அவள்தான் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நாள்காட்டியை மாற்றினாள், வாரத்துக்கு ஆறு நாள் என்பதை ஏழு நாளாக. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கணினி அட்டவணையில் தாமதத்தைக் காட்டிச் சிவப்பாக இருந்த கோடு பச்சைக்குத் திரும்பியது, எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பிறகு மற்ற ஜாயின்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டான். நாள்காட்டி மட்டும் ஏழிலேயே நின்றது. கோடு பச்சையாக இருக்கும்வரை அதை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவள் அவனைத் தோளைத் தட்டி எழுப்பினாள். அவனும் வாய் திறக்காமல் எழுந்து போனான். இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

அந்த வியாழக்கிழமை, இரண்டு கேபிள்களில் முதலாவதைச் சோதித்தார்கள். ஐந்து இணைப்பும் முடிந்த கேபிள். அழுத்தம் ஏற ஏற மீட்டர் முள்ளும் ஏறி நின்றது, பிறகு சடாரென்று விழுந்தது. தேடிப் பார்த்ததில் பழுது மூன்றாவது இணைப்பில்.

அவள் மேசையில் கணக்குப் போட்டாள். மொத்தம் பத்து இணைப்பு, முடிந்தது ஆறு. ஒரு இணைப்பைப் போட்டு முடித்தால் நூறில் எழுபது மதிப்பு, சோதனையில் தேறினால் மீதி முப்பது என்பது விதி. போன வாரம் நாற்பத்திரண்டு சதவீதம் காட்டியிருந்தாள். இப்போது கெட்டதை வெட்டி எடுக்க வேண்டும், வெட்டின இடத்தில் ஒரு துண்டுக் கேபிளைச் சேர்க்க வேண்டும். துண்டுக்கு இரண்டு முனை, ஆக ஒன்றுக்குப் பதில் இரண்டு இணைப்பு. பத்து பதினொன்றானது, ஆறு ஐந்தானது. முப்பத்திரண்டு.

மேலாளர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சதவீதம் பின்னாடி போகுமாம்மா? எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"வேலை பின்னாடி போயிருக்கே சார்."

"மொத்தக் கட்டடத்துல இது அரை பர்சன்ட் கூட அசைக்காது. எண்பத்தாறு எண்பத்தாறாவே நிக்கும். இதையும் நாப்பத்திரண்டுலயே விடுங்க, மறுசோதனைன்னு முன்பார்வைல போட்டுடுங்க. மூணாவது பகுதியில கேபிள்ல குறைன்னு எழுதுங்க. கேபிள் அவங்க வாங்கிக் குடுத்தது. தாமதம் அவங்க கணக்குல போகும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் பேரும் கெடாது."

காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். மேலாளர் சொன்னது நல்ல யோசனைதான், அதுதான் கஷ்டம்.

வீட்டில் அவன் வாசல் பக்கத்து நாற்காலியில், ஷூவைக் கழற்றக் குனிந்தவன் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மூணாவதுதானே?" என்றான்.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அன்னிக்கே மனசுல பட்டுச்சு, கத்தி கொஞ்சம் இறங்கிடுச்சோன்னு. தேய்ச்சு சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன். கண்ணு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு." விரல்களை விரித்துப் பார்த்தான். "என்ன எழுதப் போற?"

"கேபிள்ல குறைன்னு எழுதச் சொல்றார்."

குனிந்து ஒரு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். "எழுதிடேன்" என்றான் கடைசியில். "இத்தனை வருஷத்துல என் கைவேலை வெடிச்சதே இல்ல. அதைப் போய் உன் கையாலயே எழுதணுமா?"

"எழுதிடறேங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை யாரு போவாங்க? இப்ப ஒண்ணுக்கு ரெண்டு போடணும். நீங்கதான் போகணும். கண்ணு எரியறதோட."

திரும்பிப் பார்த்தாள். ஒரு காலில் ஷூவோடு அவன் தூங்கிப்போயிருந்தான், வாய் லேசாகத் திறந்தபடி. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவன்மேல் இல்லை, மேலாளர்மேல்கூட இல்லை, அந்தப் பச்சைக் கோட்டின்மேல். கீழே உட்கார்ந்து ஷூ முடிச்சை அவிழ்த்தாள். சேறு காய்ந்து இறுகியிருந்தது, நகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை, முதல் வேலையாக நாள்காட்டியை ஆறு நாளுக்கு மாற்றினாள். கோடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்ந்து, ஒப்படைக்கும் நாள் மூன்று வாரம் தாண்டிப் போய் நின்றது. திரை முழுக்கச் சிவப்பு. முதல் பகுதியில் கேபிள் இணைப்புக்கு முப்பத்திரண்டு என்று போட்டாள். முன்பார்வையில் பழுது நீக்கம், இரண்டு இணைப்பு, மறுசோதனை. மூன்றாவதில் இணைப்பு வேலையில் பழுது என்றும், அதனால் மின்சாரம் வரும் நாள் தள்ளுகிறது என்றும். நான்காவதில், இத்தனை மாதமாக இருந்த வாசகத்தை அழித்துவிட்டு எழுதினாள்: "ஜாயின்டர், தேவை மூவர், இருப்பவர் ஒருவர். ஒன்பது வாரமாக ஓய்வு நாள் இல்லை. இன்னும் இருவர் வந்தால் தாமதம் ஒரு வாரத்துக்குள் அடங்கும்."

மேலாளர் இரண்டு தடவை படித்தார். "வீட்டுக்காரருக்காக எழுதினீங்கன்னு பேசுவாங்க."

"பேசட்டும் சார். அந்த இணைப்பை வெட்டி எடுத்து அவங்க முன்னாடிதான் பிரிக்கப் போறோம். கத்திக் கோடு எல்லார் கண்ணுக்கும் தெரியும். அப்ப கேபிள்ல குறைன்னு எழுதின தாளை எங்க சார் ஒளிச்சு வைக்கறது?"

அவர் மாத்திரை டப்பாவைத் திறந்தார், மூடினார். "அனுப்புங்க. திங்கக்கிழமை நீங்களே பேசிக்கோங்க."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி தரப்புப் பொறியாளர் ஒரு பெண்மணி, எதையும் அடிக்கோடிட்டுப் படிக்கிறவர். கேபிள் சதவீதத்தில் பேனா நின்றது.

"நாப்பத்திரண்டு இருந்துச்சே. தட்டச்சுப் பிழையா?"

"இல்ல மேடம். இறங்கிடுச்சு."

மேலாளர் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தாளைத் திருப்பி, நான்காம் பகுதிக்கு வந்தார்.

"ஒன்பது வாரமா லீவே இல்லையா? வருகைப் பதிவுல ஞாயித்துக்கிழமையை எழுதறதே இல்லையே. உங்களுக்கு எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்?"

"தினமும் காலைல நான்தான் மேடம் எழுப்பி விடறேன்."

பேனா மேசையில் வைக்கப்பட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அந்த அம்மாள் மேலாளரிடம் திரும்பி, இன்னும் இருவரை எப்போது கொண்டுவர முடியும் என்று மட்டும் கேட்டார். தாமதம் உங்கள் கணக்கில்தான் என்பதையும் மறக்காமல் சொன்னார். மேலாளர் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டைல்ஸ்காரர் மட்டும், "அக்கா, என்னோடது எண்பதுன்னே போட்டுக்கோங்க" என்று தானாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசிக்குள் இரண்டு ஜாயின்டர்கள் வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் அவள் விடியும் முன்பே எழுந்துவிட்டாள். அவன் தோளைத் தட்டப் போன கை பாதி வழியில் நின்றது. அதற்குள் அவனே கண்ணைத் திறந்தான்.

"நேரமாச்சா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை."

அது என்னவோ புதுச் சொல் என்பதுபோல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோடு இன்னும் சிவப்பாவா இருக்கு?"

"சிவப்புதாங்க."

"சரி" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.