பூபதி வயலின் ஈரம்

பூபதி ஓசூர் கம்பெனியில் கற்றுக்கொண்டு வந்தது இரண்டே விஷயம். ஒன்று, நேரத்துக்குக் கார்டு அடிப்பது. இன்னொன்று, அடுத்தவன் நேரத்துக்குக் கார்டு அடித்தானா என்று பார்ப்பது. இரண்டாவதில்தான் தனக்குக் கைத்தேர்ச்சி அதிகம் என்று அவரே சொல்லிக்கொள்வார். மோட்டார் சைக்கிளுக்கு உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனி விருப்ப ஓய்வு என்று ஒன்றைக் கொடுத்து அனுப்பியபோது, விருப்பம் யாருடையது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு காவேரிப்பட்டினம் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக வயலில் போர் போட்டார். பூமிக்குள் போகிற வரைக்கும் போய், கடைசியில் புழுதியைத்தான் ஊதிவிட்டு வந்தது. அதற்குப் பிறகு அணைக் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் வைக்கிற சம்சாரி ஆகிப்போனார்.

அவர் வயல், கிளைக்கால்வாயின் முதல் மடையில் இருந்தது. தலைமடை. தண்ணீர் யாருக்கு வருகிறதோ இல்லையோ, அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்படி ஒரு சொகுசான இடத்தில் இருந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். பூபதி பேசினார். பேச்சு எடுபட்டு, பாசனச் சங்கத்துக்கு அவரையே தலைவராக்கிவிட்டார்கள். மற்ற யாரும் நிற்கவில்லை என்பதை அவர் வெளியே சொல்வதில்லை.

தலைவரானதும் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் தண்ணீர் பாய்ச்சுகிற முறையை மாற்றியதுதான். அதற்கு முன்னால், தண்ணீர் குறைந்த நாட்களில் முறை தலைமடையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். கடைமடைக்கு வரும்போது ஒன்று அணையில் மதகை இறக்கியிருப்பார்கள், இல்லை மேலே எவனாவது பலகையைத் தூக்கியிருப்பான். பூபதி அதைத் தலைகீழாகத் திருப்பினார். முதலில் மேல்மடைகள் அத்தனையையும் அடைத்துவிட்டு, தண்ணீர் நேராகக் கடைசி வயலுக்குப் போக வேண்டும். அங்கே பாய்ந்த பிறகு அதற்கு மேல்மடை, அதற்கும் மேல்மடை என்று ஏறிவந்து தலைமடையில் முடிய வேண்டும். அதுவும், நேரத்தை, கால்வாய் தொடங்குகிற வாய்மதகு திறந்ததிலிருந்து கணக்கு வைக்கக் கூடாது. காய்ந்து கிடக்கிற கால்வாய் முதலில் தான் குடித்துவிட்டுத்தானே தண்ணீரை விடும். அந்தக் குடியை ஏழைக் கடைமடையின் கணக்கில் எழுதினால் எப்படி? தண்ணீர் கடைசி மடையைத் தொட்ட பிறகுதான் அவர்களுடைய நேரம் தொடங்கும். முறை இல்லாத நேரத்தில் எவன் வயலுக்குத் தண்ணீர் போனாலும், அந்தச் சுற்றில் அவனுக்கு முறை கிடையாது. அந்த நேரம் கடைமடைக்குப் போய்விடும்.

"கம்பெனில லேட்டா வந்தா அரை நாள் கட். இங்க திருட்டு மடை தொறந்தா முழு முறையும் கட். டிசிப்ளின் வேணும்பா," என்று கூட்டத்தில் சொன்னபோது மேல்மடைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பூபதிக்கு மட்டும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டாயிரத்து ஏழில் இரண்டாம் போகம். அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அந்தப் பங்குனியில், இதுதான் கடைசிச் சுற்று, இதற்குப் பிறகு மதகை மூடிவிடுவோம் என்று பொதுப்பணித்துறையில் சொல்லிவிட்டார்கள். நெல் எல்லாம் கதிர் வெளியே வருகிற நேரம். இந்த ஒரு நனைப்பு கிடைத்தால் மணி பிடிக்கும், கிடைக்காவிட்டால் வைக்கோலோடு சரி.

ஊரெல்லாம் வயல் வெடித்துக் கிடக்க, பூபதியின் வயல் மட்டும் பதமாக ஈரமாக இருந்தது. இது அவருக்கே ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியத்தை வெளியே காட்டினால் அப்புறம் என்ன தலைவர்? டீக்கடையில் உட்கார்ந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகச் சேறடித்தால் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். தொழு உரம் போட்டால் தனி ருசி என்றார். எல்லாவற்றுக்கும் மேலே, கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது, அது எல்லாருக்கும் வராது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். வீட்டில் அவருடைய மனைவி பூங்கொடி மட்டும், "நீங்க வயல்ல எறங்கியே பத்து நாளாச்சி. கை எங்கிருந்து பக்குவம் ஆச்சி?" என்று கேட்டாள். பூபதி அதைக் கேட்காதவர் மாதிரி எழுந்து போய்விட்டார்.

சுற்று தொடங்கிய மறுநாள் காலையில் கடைமடையிலிருந்து செல்வம்மாள் அவரைத் தேடி டீக்கடைக்கு வந்தாள். புருஷன் போன பிறகு தனியாளாக அந்தக் கடைசி வயலைப் பார்ப்பவள். புடவை முழங்கால் வரை புழுதி.

"அண்ணா, எங்க மடைக்குத் தண்ணி சொட்டு சொட்டாத்தான் வருது. பாதி வயலு கூட நனையல. கதிரு வெளிய வந்து நிக்குது. நாளைக்கு எம்முறை முடிஞ்சிடும். நீங்கதான் பாக்கணும்."

பூபதிக்கு இரத்தம் கொதித்தது. தான் போட்ட முறையிலேயே கை வைக்க ஒருவனுக்குத் துணிச்சலா? "எவன்னு இன்னிக்கே புடிக்கிறன். எல்லாரும் வாங்க, சாட்சிக்கு நாலு பேரு வேணும்," என்று டீக்கடையில் இருந்தவர்களை எல்லாம் கிளப்பினார். மதகு திறந்து மூடுகிற லஸ்கர் திம்மராயனையும் விடவில்லை. அவர் மனதில் ஆள் ஏற்கெனவே தயார். இரண்டாவது மடைக்கார ராமப்பன். முறையை மாற்றியபோது முணுமுணுத்தவன், போதாததற்கு முறைக்கிற கண் வேறு.

கூட்டம் கரையில் நடந்தது. முதல் மடை வந்தபோது பூபதி கையை வீசி, "இது நம்முது. இதப் பாக்க வேண்டியதில்ல, போங்க போங்க," என்று ஓட்டிக்கொண்டு போனார். இரண்டாவது மடையில் ராமப்பனே நின்றிருந்தார். பலகை போட்டு, களிமண் அப்பி, அதன்மேல் சாக்கும் வைத்து அடைத்திருந்தார். பூபதி குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், விரலை விட்டுக்கூடப் பார்த்தார். ஈரம் கசியவில்லை.

"இன்னா தலைவரே, மூக்கையும் வெச்சிப் பாருங்க," என்றார் ராமப்பன், பின்னாலேயே சேர்ந்துகொண்டு.

அடுத்தது, அதற்கடுத்தது என்று ரோட்டுப் பாலம் வரைக்கும் போனார்கள். ஒரு மடையிலும் குற்றம் இல்லை. கால்வாயில் மட்டும் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திம்மராயன் தலையைச் சொறிந்தார். "வாய்மதகுல நான் முழங்காலுக்கு மேல விட்டிருக்கன் சார். ராமப்பன் மடைகிட்டயே கொறஞ்சிதான் வந்துச்சி. மேலதான் எங்கியோ போவுது."

செல்வம்மாள், குரலை உயர்த்தாமல், "மேல எல்லா மடையும் பாத்தாச்சி. ஒன்னத் தவிர," என்றாள்.

திரும்பி நடக்கும்போது பூபதி முன்னால் போகவில்லை. அவர் மடையில் பலகை சரியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று வாயைத் திறக்கப் போனார். அதற்குள் ராமப்பன், அந்த மடைக்கு நாலு எட்டு தள்ளி, கரையில் மண்டிக்கிடந்த பார்த்தீனியச் செடியை விலக்கினார். அதன் கீழே நண்டு வளை. ஒன்று அல்ல, ஒரு குடும்பமே குடியிருந்த மாதிரி வரிசையாக. போன சுற்றிலிருந்தே தண்ணீர் அரித்து அரித்து ஒவ்வொன்றும் சொம்பு நுழைகிற அளவுக்கு அகன்றிருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் புகுந்து, பூபதியின் வயலில் இறங்கி, வயல் குடித்தது போக மிச்சம் அந்தப் பக்கத்து வடிகாலில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"தேவுடா!" என்றார் திம்மராயன்.

சாட்சிக்கு அழைத்து வந்த அத்தனை பேரும் சாட்சியாக நின்றார்கள். பின்னாலிருந்து ஒருவன், "இதுதானா அந்தக் கைப்பக்குவம்?" என்று கேட்டான். சிரிப்பு அடங்க நேரமானது. பூபதியும் சிரித்துப் பார்த்தார். அசடு வழிந்ததே தவிரச் சிரிப்பாக வரவில்லை. டீக்கடையில் தன்னிடம் சேறடிப்பது பற்றி வகுப்புக் கேட்ட முகங்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்தார். பத்து நாளாக வயலில் இறங்கியிருந்தால் கால் நனைந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால் அவருக்கு வக்காலத்து வாங்கியதே ராமப்பன்தான். "நண்டு பண்ணதுக்கு மனுசன் இன்னா பண்ணுவான்? இது திருட்டுல சேராது. வளைய அடைச்சிட்டு விட்டுடலாம். தலைவரு முறை தலைவருக்கே இருக்கட்டும்," என்றார். மற்ற மேல்மடைக்காரர்களும் உடனே ஆமாம் என்றார்கள். ரொம்பவும் உடனே.

பூபதிக்கு அந்த வார்த்தை பானகம் மாதிரி இறங்கியது. ஆமாம், நண்டுதானே. அவர் முறை கடைசியில்தான் வரும், வந்தால் நெல் தேறிவிடும். வளையை அடைத்த பிறகு இந்த வயலும் நாலே நாளில் வெடிக்கும், அது அவருக்குத் தெரியும். போர் இல்லை, வேறு வழி இல்லை. செல்வம்மாளைப் பார்த்தார். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வடிகாலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போகிற தண்ணீரை அப்படி ஒருவர் பார்த்து பூபதி கண்டதில்லை.

ராமப்பன் பரிந்து பேசுவதன் கணக்கும் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. கம்பெனியில் இதைப் பார்க்காதவரா அவர்? சூப்பர்வைசரின் லேட் ஒரு நாள் மன்னிக்கப்பட்டால், மறுவாரம் ஷிப்டில் ஒருவனும் நேரத்துக்கு வர மாட்டான்.

"விட்டுட்டா, அடுத்த போகத்துக்கு ஒவ்வொரு கரையிலயும் நண்டு குடிவந்துடும் ராமப்பா," என்றார். "உங்க கரைக்குத்தான் மொதல்ல வரும். ரூலு நான் போட்டது. திருடுனாத்தான்னு போடல, தண்ணி போனாலேன்னுதான் போட்டன். அவசரத்துல அப்படிப் போட்டுத் தொலைச்சிட்டன். எம்முறை கட். அந்த நேரமும் செல்வம்மாவுக்கே."

சொல்லி முடித்த கையோடு, அய்யோ என்றும் இருந்தது. அதை மறைக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினார். களிமண்ணும் வைக்கோலும் மிதித்து வளைகளை அடைத்தார். திம்மராயனும் ராமப்பனும் மண் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நண்டு அவர் விரலைப் பிடித்தது. அதோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். தீரவில்லை. அந்தப் போகம் அவர் வயலில் பாதிக்கு மேல் பதர்தான் விளைந்தது.

வளை அடைபட்டதும் தண்ணீர் கால்வாயில் ஏறி நகர ஆரம்பித்தது. பூபதி செல்வம்மாளோடு கரையிலேயே கூட நடந்தார். ரோட்டுப் பாலத்தைத் தாண்டியதும் அவர் கண்டதெல்லாம் புதிதாக இருந்தது. கால்வாயில் பாதி தூர் மண், அதில் சீமைக் கருவேலம். ஏறிய தண்ணீர் அவர்களோடு நடக்கவில்லை. வெடிப்பு வெடிப்பாக நின்று குடித்துக்கொண்டு பின்தங்கிவிட்டது. அவர்கள் மட்டும் கடைசி வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நெல் தலையை வெளியே நீட்டி நின்றது, தாள் நுனி சுருண்டிருந்தது. தண்ணீருக்காக ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருப்பது பூபதிக்கு அதுதான் முதல் தடவை. முறை, நேரம், கணக்கு என்று அத்தனை பேசியவருக்கு, அந்தக் கணக்கு வெயிலில் எத்தனை நீளம் என்று தெரிந்திருக்கவில்லை.

"நீங்க தலைவராயி மூணு வருசமாச்சி இல்லண்ணா?" என்றாள் செல்வம்மாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. "இந்தப் பக்கம் வர்றது இன்னிக்குத்தான்."

"ஆமாம்மா. ஒவ்வொரு முறைக்கும் விசாரிப்பன். கடைமடைக்குத் தண்ணி போச்சான்னு கேப்பன். போச்சி போச்சின்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

பூபதி யோசித்துப் பார்த்தார். "ராமப்பன் சொல்லுவான். டீக்கடையில இருக்கிறவங்க சொல்லுவாங்க." பிறகு அவரே, "எல்லாம் எங்க மேல்மடைக்காரங்கதான்," என்றார்.

தூரத்தில் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருவது தெரிந்தது. செல்வம்மாள் எழுந்து மடையின் பலகையை முழுசாகத் தூக்கப் போனாள். பூபதி கைக்கடிகாரத்தைப் பார்த்து, அவளுடைய நேரம் இப்போதுதான் தொடங்குகிறது என்று சத்தமாகச் சொன்னார்.