இரண்டாம் ஆட்டத்தில் கூட வருவது

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், அதே அச்சகத்து மாடியில் கம்ப்யூட்டர் கேம் செய்கிறாள் என்றால் சிரிக்காத ஆள் கிடையாது. என் பெரியப்பா இன்றைக்கும், "மாடியில பொம்ம ஓட்டுறா" என்றுதான் வந்தவர்களிடம் சொல்வார். ஓட்டுகிறேன், அவருக்கென்ன? கீழே காலண்டர் ஓடுகிறது, மேலே பொம்மை ஓடுகிறது. இரண்டையும் நான்தான் பார்க்கிறேன்.

மாடியில் நாங்கள் இரண்டே பேர். கதையும் படங்களும் நான். புரோகிராம் எழுதுவது நாரணாபுரத்துப் பையன். பையன் என்று சொல்கிறேனே தவிர, முப்பதை நெருங்குகிறான். எங்களிடம் டிசைன் வேலைக்கு வந்தவன், என் கிறுக்கில் மாட்டிக்கொண்டான். மூன்றாவதாக அவன் தங்கச்சி. அவள் பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறவள். எங்கள் கேமில் வரும் தங்கச்சிக்குக் குரல் கொடுத்தது அவள்தான்.

கதை பெரிய கதை இல்லை. எரிந்துபோன கரிசல் காட்டு வழியே ஒருத்தன் வீட்டை விட்டு வேறு ஊர் தேடி நடக்கிறான். கூடவே தங்கச்சியும் நடக்கிறாள். ஐந்து அத்தியாயம். நின்றால், "அண்ணே, சாப்பிட்டியா?" என்பாள். ரொம்ப நேரம் நின்றால், "என்னலே, கால்ல வேரு விட்டுருச்சா?" என்பாள். இரண்டாவது வசனம் நான் எழுதியது இல்லை. அவளாகவே மைக்கில் சொல்லிவிட்டுச் சிரித்தாள், நான் வெட்டவில்லை.

ரெக்கார்டிங்குக்கு எங்களுக்கு மாதத்தில் ஒரே நாள்தான். கீழே ஆப்செட் மெஷின் ஓடினால் மாடித் தரையே அதிரும். அதனால் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாளைப் பிடித்துக்கொண்டோம். அன்றைக்கு மெஷின் நிற்கும். லேப்டாப் பேட்டரியில் வேலை நடக்கும். அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தூக்குவாளியில் சோற்றோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். இப்படி மூன்று அத்தியாயம் முடித்தோம்.

நான்காவதுக்குக் குறித்த நாள் காலண்டர் சீசன் நடுவில் வந்தது. ஆர்டர் நெருக்கியது. கரண்ட் இல்லாவிட்டால் என்ன என்று ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மெஷினை ஓட்டச் சொன்னேன். காலையில் அவனுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு ரெக்கார்டிங் வேணாம், சத்தமா இருக்கும், அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்" என்றேன். அவன் தங்கச்சியிடம் சொன்னான். சும்மா வீட்டில் இருப்பானேன் என்று, போட்ட லீவையும் விட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கம்பெனி வேலை கைவேலை, அதற்குக் கரண்ட் தேவையில்லை.

எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் அப்படியே நின்று, எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அன்றைக்கு எனக்குக் கேட்கவே இல்லை. ஜெனரேட்டரும் மெஷினும் போட்ட சத்தத்தில் எப்படிக் கேட்கும்? போன் வந்துதான் தெரிந்தது. கம்பெனியில் பக்கத்து அறையில் பிடித்த தீ, அவள் இருந்த அறையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

முதலில் எழுதிய கதையில் தங்கச்சி சாகவே மாட்டாள். கடைசிவரை கூடவே நடந்து ஊர் போய்ச் சேருவாள். ஆனால் எங்களிடம் மூன்று அத்தியாயத்துக்குத்தான் குரல் இருந்தது. நாலு மாதம் கழித்து நான் கதையை மாற்றினேன். மூன்றாம் அத்தியாய முடிவில் ஒரு கொட்டகை தீப்பிடிக்கும், அவள் உள்ளே மாட்டிக்கொள்வாள், அண்ணனுக்குச் சூடு தாங்காது, நெருங்க முடியாது. அவள் இறந்த பிறகு அண்ணனுக்குச் சூடு தாங்கும் திறமை வரும், அதை வைத்து மிச்சக் காட்டைக் கடப்பான். கேமில் இதெல்லாம் வழக்கமான உத்தி. பாவி நான், அதைப் பேப்பரில் எழுதி அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, "சரிக்கா" என்று மட்டும் சொன்னான். மறுநாளே புரோகிராமும் எழுதிவிட்டான்.

கேம் வெளிவந்தது. ஓரளவு விற்றது. வாங்கியவர்கள் எழுதியதெல்லாம் ஒரே புகார்: ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, நியூ கேம் பிளஸ் போடுங்கள்.

அது வேறொன்றுமில்லை, முடித்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடுவது. ஆனால் வெறுங்கையோடு இல்லை. முதல் ஆட்டத்தில் சேர்த்த பலம், திறமைகள், ஆயுதங்கள், காசு எல்லாம் கூட வரும். கதை மட்டும் பழையபடி தொடங்கும். ஊர்க்காரர்கள் எவருக்கும் உன்னைத் தெரியாது. கதைக் கதவுகளைத் திறக்கும் சாவிகளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆடுகிறவன் முதல் அத்தியாயத்திலேயே நாலாவது அத்தியாயத்துக் கதவைத் திறந்து கதையைக் குட்டிச்சுவர் ஆக்கிவிடுவான். பலத்தோடு வருகிறவனுக்கு எதிரிகள் சப்பென்று போகக் கூடாது, அவர்கள் பலத்தையும் கூட்டி வைக்க வேண்டும்.

செய்கிறவர்களுக்கு அதில் லாபம் உண்டு. புதிதாக ஒரு காடு வரைய வேண்டாம், வரைந்த காடே இன்னொரு முறை உதவும். ஆடுகிறவனுக்கும், இத்தனை மணி நேரம் சேர்த்தது வீணாகவில்லை என்று ஒரு திருப்தி. போன தடவை தன்னை ஓட ஓட விரட்டியவனை இந்தத் தடவை இவன் விரட்டலாம். முடிவு தெரிந்துகொண்டே கதையைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். சில கேம்களில் முதல் தடவை முடியாத காரியம் இரண்டாவது தடவை முடியும், வேறு முடிவும் கிடைக்கும். இதற்காகவே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எது கூட வரும், எது வராது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். முடிகிற நேரத்தில் அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, சூடு தாங்குற திறமையும் கூட வரும்ல. அப்ப ரெண்டாவது தடவ அவன் கொட்டகைக்குள்ள போகலாம். அவளத் தூக்கிட்டு வந்துரலாம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "வந்து? வந்து என்னலே பண்ணுவா? நாலு, அஞ்சுக்கு அவகிட்ட ஒரு வார்த்த கிடையாது. ஊமையா நடக்கவா? ஏலே, உனக்குக் கிறுக்கா?"

"ஊமையாவே நடக்கட்டும்க்கா. நடக்கட்டுமே."

நான் பேனாவை வீசிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அவள் நடக்க நடக்க, அந்த ஊமைத்தனத்துக்குக் காரணம் யார் என்று எனக்குத்தானே தெரியும். அந்தப் பயத்தைத்தான் கோபமாகக் காட்டினேன். மறுநாள் வந்து, "செய்" என்றேன்.

முதல் சோதனைக்கு அவன் தன் அம்மாவைக் கூட்டி வந்தான். அன்றும் கரண்ட் இல்லாத நாள்தான். அந்த அம்மா கேமை ஏற்கெனவே மகன் ஆடப் பார்த்தவர். கொட்டகை வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாராம். இந்தத் தடவை அப்படி இல்லை, திரும்பி வருவாள் என்று மகன் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான்.

"எப்படி இருக்கீக தாயி?" என்று என்னைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல அதையும் சொன்னார். "லீவு போட்டவ அன்னைக்கு எதுக்குப் போனான்னே தெரியல தாயி. எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன்." ஒரு வருஷமாகச் சொல்கிறார். ஒரு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்க்கிறோம்.

இரண்டாம் ஆட்டம் தொடங்கியது. அண்ணன் வீட்டுக்குள் கண் விழித்தான். பலமெல்லாம் கூட வந்திருந்தது, காசு வந்திருந்தது. கதைப்படி அடுப்படியிலிருந்து தங்கச்சி கூப்பிட வேண்டும். அடுப்படி காலியாக இருந்தது. வாசலில் போய் நின்றான். யாரும், "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை.

"எங்க அவ?" என்றார் அம்மா.

அவன் பதறிப்போய்ப் புரோகிராமைத் திறந்து தேடினான். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் புரிந்தது. கதையில் நடந்ததெல்லாம் ஒரு பதிவில் இருக்கும், அதை அழித்துவிட்டுத்தான் புது ஆட்டம் தொடங்கும். நாயகனின் திறமைகள் இன்னொரு பதிவில் இருக்கும், அது அப்படியே கூட வரும். தங்கச்சி செத்துவிட்டாள் என்ற குறிப்பு கதைப் பதிவில் இருந்திருக்க வேண்டும். அந்தச் சாவால்தானே திறமை வருகிறது என்று, அந்த வாரங்களில் தலை சரியில்லாமல் எழுதியவன் இரண்டையும் சேர்த்துத் திறமைப் பதிவில் போட்டிருக்கிறான். அதனால் திறமையோடு சாவும் கூட வந்துவிட்டது.

குறிப்பைப் பிரித்து எடுத்து இடம் மாற்றி மறுபடி ஓட்டினான். இந்த முறை அடுப்படியில் அவள் இருந்தாள். "அண்ணே, சாப்பிட்டியா?" அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எங்கள் சோதனைக்கென்று வைத்திருந்த குறுக்குவழியில் அவன் மூன்றாம் அத்தியாயத்துக்குத் தாவினான். கொட்டகை எரிந்தது. அண்ணன் நெருப்புக்குள் நடந்தான். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். நான் அழுதுவிட்டேன், வெட்கமென்ன.

அம்மா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். நின்றான், அவளும் நின்றாள்.

"அவளுக்குப் போன தடவ செத்தது ஞாபகம் இருக்குமா?"

"இல்லம்மா," என்றான் மகன். "ஆடுறவகளுக்குத்தான் ஞாபகம் இருக்கும்."

"பொறவு ஏன் பேச மாட்டேங்கா?"

அவன் என்னைப் பார்த்தான். எத்தனை நாள்தான் அவனே சுமப்பான்? நான் சொன்னேன். "இதுக்கு மேல அவ பேசுனது எங்ககிட்ட இல்லம்மா. அன்னைக்கு அதுக்குத்தான் லீவு போட்டா. நாந்தான் மெஷின் ஓடுது, வர வேணாம்னு சொல்லிட்டேன்."

கீழே ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். தூற்றியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மறுபடி மொதல்லருந்து போடு," என்றார் மகனிடம். "அங்கன பேசுவால்ல."

நியூ கேம் பிளஸை அப்படியே வெளியிட்டோம். காப்பாற்றப்பட்டவள் பேசாமல் நடப்பது அருமையான யோசனை என்று ஒரு ஆள் பாராட்டி எழுதியிருந்தான். அருமையாம்! நாசமாகப் போக.

அந்த அம்மா இப்போதும் மாதம் ஒரு தடவை, கரண்ட் இல்லாத நாளில் மாடிக்கு வருகிறார். நாலு அம்புக்குறி விசைகளைப் பழகிக்கொண்டார். முடித்த ஆட்டத்தின் பதிவிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்குவார். எல்லா பலமும் கூட வரும், எதையும் அவர் பயன்படுத்த மாட்டார். அடுப்படியை ஒட்டியே அண்ணனை நிறுத்தி வைத்துவிட்டு, அவள் கேட்கும்போதெல்லாம், "சாப்பிட்டேன்டி" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பேட்டரி தீர்ந்ததும் எழுந்து போய்விடுவார். அந்த நாளுக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கரண்ட் இல்லாத நாளில் இப்போது எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் ஜெனரேட்டர் எடுப்பதில்லை. பெரியப்பா கத்துகிறார், கத்தட்டும். கீழே எல்லாம் நின்றுவிட்டால் மாடிக் குரல் படிக்கட்டுவரை தெளிவாகக் கேட்கிறது. நான் மேலே ஏறாமல் படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள், அந்த ஒரு நாள் மெஷினை நிறுத்தியிருந்தால் போதும்.