குடும்பத் தலைவர் வந்து வாங்க வேண்டிய கிரைண்டர்

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது ஒரு பரிசுக் குலுக்கல் நோட்டீஸ். திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பி.காம் படித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும், யாரையும் நம்ப மாட்டேன். இந்த மூன்றையும் பார்த்துத்தான் முதலாளி அண்ணாச்சி அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய கடை ஒன்று வரப் போவதாகப் பேச்சு. அண்ணாச்சி கல்லாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, தீவாளிக்கு நாமளும் குலுக்கல் போடுவோம். எரநூறு ரூவாய்க்குச் சாமான் வாங்குனா ஒரு கூப்பன்" என்றார். சோப்பு வாங்க வந்த வக்கீல் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். பரிசுத் திட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்று அதில் போட்டிருந்தது. "சாமான் வாங்குறதையும் குலுக்கலையும் முடிச்சுப் போடாதீங்க அண்ணாச்சி, வம்பு. வாங்கினாலும் வாங்காட்டியும் கூப்பன்னு எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சும்மா கூப்பன் கொடுத்தால் ஊரே திரண்டு வந்து ஆளுக்குப் பத்து போடுமே! யோசித்து யோசித்து ரேஷன் கார்டைப் பிடித்தேன். ஒரு கார்டுக்கு ஒரு கூப்பன். கார்டு நம்பரைக் கூப்பனில் எழுத வேண்டும், நான் நோட்டில் பதிந்துகொண்டு, கூப்பனில் பாதியைக் கிழித்து அவர்களிடமே கொடுப்பேன். மஞ்சள் தாளில் அடித்து வந்த நோட்டீஸ் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"முதல் பரிசு டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று. இரண்டாம் பரிசு ஐந்து லிட்டர் குக்கர் இரண்டு பேருக்கு. மூன்றாம் பரிசு எவர்சில்வர் குடம் பத்துப் பேருக்கு. பொருள் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு கூப்பன் மட்டும். கூப்பனில் எழுதும் பெயர் அந்த அட்டையில் இருக்க வேண்டும். கடை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கலந்துகொள்ள இயலாது. கூப்பன் போடக் கடைசி நாள் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. குலுக்கல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடை வாசலில். பரிசு விழுந்தவர் அரைக் கூப்பனையும் அசல் அட்டையையும் புதன் மாலை ஆறு மணிக்குள் காட்ட வேண்டும். குடும்பத் தலைவர் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பரிசைப் பெற வேண்டும். தவறினால் மாற்றுக் கூப்பனுக்குப் பரிசு வழங்கப்படும்."

குடும்பத் தலைவர் விதி என் சொந்தச் சரக்கு. மனைவி பெயரில் விழுந்ததைக் கொழுந்தன் வந்து தூக்கிக்கொண்டு போய், மறுநாள் வீடே கடை வாசலில் நின்று சண்டை போடும் என்று எனக்குப் பயம். எழுதி முடித்ததும் எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

பக்கத்துச் சந்தில் மாவு விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷன் திருப்பூரில் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டதும், மகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டை விட்டு வந்தவள். ஒற்றை அறையில் வாடகை. அந்த வீட்டுப் பொது முற்றத்தில் கிடந்த ஆட்டுக்கல்லில் தினமும் இட்லிக்கு மாவாட்டி வீடு வீடாகக் கொடுத்துப் பிழைத்தாள். தெருவில் இன்னும் பத்து வீடு மாவு கேட்டது, அவளுடைய கைக்குத்தான் தெம்பு இல்லை. ராத்திரி தோளைத் தூக்க முடியாமல் மகளைத்தான் தலைவாரிவிடச் சொல்வாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே வந்துவிட்டாள். "கார்டு எங்க மாமனார் வீட்டுல கெடக்கு தங்கச்சி. எம் பேரும் புள்ள பேரும் அதுலதான் இருக்கு. பேர நீக்கி எழுதிக் குடுங்க, நான் தனிக் கார்டு வாங்கிக்கிறேன்னு ரெண்டு வருசமா கேக்குறேன். தலைக்கு இம்புட்டுச் சீனி வருதுல்ல, விடுவாகளா? நான் கூப்பன் போடலாமா?"

"பேர் இருந்தாப் போதும்க்கா, போடுங்க" என்றேன். விதியை எழுதியவள் நான். பதினோராவது வரியில் இருந்த குடும்பத் தலைவர் விதியை நானே யோசிக்கவில்லை. அவள் கார்டு நம்பரை ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் எழுதினாள், ரேஷன் வரிசையில் எத்தனை வருஷம் நின்றிருப்பாளோ! நோட்டைப் பார்த்தேன், அந்த நம்பரில் வேறு யாரும் வரவில்லை. அரைக் கூப்பனைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் டிரம்மில் கூப்பன்களைக் கொட்டினோம். முக்கால்வாசிக் கூப்பனில் மஞ்சள், குங்குமம். ஒருத்தர் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, அது பக்கத்துக் கூப்பன்களோடு ஒட்டிக் கட்டியாகிவிட்டது. பிரித்துப் பிரித்து என் நகம் போனதுதான் மிச்சம். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடங்களிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் கிரைண்டர். அவர் படித்த பெயர் மாவு அக்காவுடையது. மாற்றுக் கூப்பன் ஒன்றும் எடுத்துத் தனியே வைத்தோம்.

அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். "எனக்கா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் தலைமை ஆசிரியர் நோட்டீஸை மூக்குக்கு நேரே பிடித்து மீதி விதிகளையும் உரக்கப் படித்தார். குடும்பத் தலைவர் என்ற வரி வந்ததும் எனக்கு உறைத்தது, அந்தக் கார்டில் தலைவர் அவளுடைய மாமனார்.

திங்கட்கிழமை அவள் கார்டு கேட்டுப் போனாள். மாமியார் கதவோரம் நின்றே அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மாமனாரும் மாமியாரும் கார்டோடு கடைக்கு வந்து நின்றார்கள். "குடும்பத் தலைவர் நாந்தாம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் நோட்டீஸைப் பார்த்தேன். "அரைக் கூப்பன் வேணும்ங்கய்யா. அது அக்காகிட்ட இருக்கு" என்றேன். ஆள் அனுப்பி அவளை வரவழைத்தோம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மாமியார், "குடுத்துரு. வெளிய போனவளுக்கு எங்க கார்டுல என்ன பரிசு?" என்றாள்.

"குடுக்க மாட்டேன்னு வைங்க, நாளைக்குச் சாயங்காலம் யாருக்கோ போயிரும். எனக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "மாமா, நாளைக்குக் காலைல தாலுகா ஆபீசுக்குக் கார்டோட வாங்க. எம் பேரையும் புள்ள பேரையும் நீக்கிச் சான்று வாங்கிக் குடுங்க. கூப்பனை நான் குடுத்துர்றேன்."

மாமியார் முகத்தில் கணக்கு ஓடியது, ஒரு பக்கம் இரண்டு பேர் சீனி, மறுபக்கம் கிரைண்டர். கிரைண்டர் ஜெயித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் போனதும், "ஏங்க்கா, ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றேன். "கார்டு இல்லாம புள்ளைய எதுல சேக்கப் போனாலும் கேள்வி கேக்குறான். மண்ணெண்ணெய் வெளியதான் வாங்குறேன். போகட்டும் தங்கச்சி" என்றாள். சொல்லும்போது அட்டைப்பெட்டியைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஐந்தே காலுக்கு மூவரும் வந்தார்கள். அதிசயமாக அதிகாரி இருக்கையில் இருந்திருக்கிறார், வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அவள் கையில் சான்று. அரைக் கூப்பனை என் மேஜையில் வைத்தாள். நான் கார்டை வாங்கி விரித்தேன். அவள் பெயரின் மேலும் மகள் பெயரின் மேலும் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் ஆபீஸ் முத்திரை.

எனக்கு உடனே புரிந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. "அய்யா, கூப்பன்ல இருக்குற பேர் கார்டுல இருக்கணும். இந்தா, ஆறாவது வரி. அடிச்சிருக்கே? பரிசு செல்லாதுங்க. மாற்றுக் கூப்பனுக்குப் போகும்."

மாமியார் போட்ட சத்தத்தில் பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி, "கடைசித் தேதியில பேர் இருந்துச்சுல்ல ஏத்தா?" என்று முணுமுணுத்தார். "எந்தத் தேதியில இருக்கணும்னு நோட்டீஸ்ல போடல அண்ணாச்சி" என்றேன். நான்தானே எழுதினேன்! மாமனார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனுஷன் விழித்ததைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "தங்கச்சி, குடுத்துருங்க."

"நீங்க சும்மா இருங்கக்கா. இவுகளுக்கு எதுக்கு?"

"குடுக்குறேன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். அது நான் குடுத்த வெல." முதல் தடவையாக அவள் குரல் என்மேல் கடுத்தது. "ஒங்க கோவத்துக்கு நான் பேச்சு மாறுனவளா ஆகணுமா?"

என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆவேசப்பட எனக்கு என்ன உரிமை? அந்த இரண்டு வரிகளையும் எழுதியது நான், விலை கொடுத்தது அவள். அரைக் கூப்பனை நோட்டில் ஒட்டி, மாமனாரிடம் கையெழுத்து வாங்கினேன். என் பேனா அவருக்கு எழுதவில்லை, அண்ணாச்சி வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே கல், கனம் அதிகம். மாமனார் ஒரு பக்கம் பிடித்தார், மாமியாரால் மறுபக்கம் அசைக்க முடியவில்லை. நான் எழுந்து போவதற்குள் அக்கா சான்றை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, ஒரே தூக்கில் அந்த முனையை ஆட்டோவுக்குள் தள்ளிவிட்டாள்.

"அக்கா, செத்த நேரம் உக்காருங்க, டீ சொல்றேன்" என்றேன்.

"இல்ல தங்கச்சி, உளுந்து ஊறிட்டிருக்கு. போய் ஆட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.