கவிழ்ந்து கிடந்த போன்

ஜெரால்டின் அக்கா தன் போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வேலை செய்கிறாராம் என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உலு திராம் ஊரில் இருக்கும் அந்தச் சரக்கு அலுவலகத்தில் சேர்ந்த பிறகு உண்மை தெரிந்தது. போன் மேசையிலேயே கவிழ்ந்து கிடந்தது.

சுங்க அறிக்கை தயாரிப்பது அவர் வேலை. ஒருமுறை நடுவில் போன் பேசிவிட்டு வந்து, ஒரு கன்டெய்னரின் எடையைத் தப்பாகப் போட்டுவிட்டார். லாரி சுங்க வாசலிலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அறிக்கைக்கு மட்டும் என்று காலண்டரில் ஒதுக்கிவிட்டார். பதினொன்றுக்கு எல்லோரையும் திருப்பி அழைப்பார். லாரி நின்றால் மட்டும் முன்மேசையில் இருக்கும் லோஷினியை அழைக்கும்படி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருந்தார். இதைச் சோதித்துப் பார்க்க முதலாளி திருச்செல்வம் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒரே ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும், பழையபடி எந்த நேரமும் போனை எடுக்க வேண்டியதுதான் என்றார்.

தவணையின் கடைசி நாள், பத்து மணிக்கு அவர் போன் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் லிம்.

“எடுத்துருங்கக்கா” என்றேன்.

“லாரி நின்னா லோஷினிக்குப் போன் அடிப்பாரு லா. எனக்கு அடிச்சா, சாப்பிட்டாச்சான்னுதான் கேப்பாரு.”

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர் கை போன்வரை போய் நின்றது.

“லோஷினி, உனக்கு அடிச்சாரா?”

“இல்ல பாஸ்.”

“அப்ப பதினொன்னுக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனார்.

ஜெரால்டின் நிமிரவே இல்லை. எடையை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.