இரண்டு பேர் எழுதிய மெயில்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திண்டிவனத்தில் மல்லாட்டை மூட்டை தூக்கி, கடைசியில் அந்த வேர்க்கடலையை லண்டனுக்கே ஏற்றுமதி செய்தேன். என் ஆங்கிலமெல்லாம் அரங்கநாதன்தான். 1962-இல் விழுப்புரத்தில் டைப்பிங் முடித்து என்னிடம் சேர்ந்தான். நாற்பது வருடம் என் கடிதங்களை அடித்தான். பிறகு மெயிலும் அவன்தான்.

ஆர்கனைஸ் என்ற சொல்லுக்கு லண்டன்காரர் எஸ் போடுவார், அமெரிக்கர் இஸட் போடுவார் என்று எனக்குக் காட்டியவன் அவன். “ரெண்டும் சரிதாங்க மொதலாளி. ஒரே மெயில்ல கலந்தா, ரெண்டு பேரு எழுதினா மாதிரி இருக்கும்” என்பான்.

ஒருநாள் லண்டனுக்குப் போகவேண்டிய மெயிலில் மேலே எஸ், கீழே இஸட். நானே கண்டுபிடித்துவிட்ட பெருமையில், ஆபீஸே கேட்க, “இன்னாய்யா, ரெண்டு பேரு சேந்து எழுதினீங்களா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அரங்கநாதன் எழுந்து நின்றான். “ஆமாங்க. ஒரு வருசமா கண்ணு மங்கிக்கினே வருதுங்க. பாதிக்கு மேல முடியல. மீதிய வூட்ல எம் பொண்ணு அம்சா அடிச்சுது. அது அமெரிக்கா கம்பெனியில வேலை செய்யுது, அந்தப் பழக்கம். சொன்னா நிறுத்திடுவீங்கன்னு பயந்துக்கினு இருந்தேன்.”

“ஒக்காருய்யா” என்றேன். உட்காரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போனான்.

மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. திருத்த வேண்டியது ஒரே எழுத்துதான். அது எனக்கும் தெரியும். அந்த மெயிலை நான் திருத்தவுமில்லை, அனுப்பவுமில்லை.