காரில் மிச்சமிருந்த வழி

காரை விற்பதற்கு முன்னால் சாமியை இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்தேன். விபூதிப் பொட்டலம், குடை, ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் எல்லாம் போயாயிற்று. என் போனில் ப்ளூடூத் பக்கத்துக்குப் போய் அந்தக் காரின் பெயரையும் நீக்கினேன். முடிந்தது வேலை என்று நினைத்தேன். படித்து என்ன பிரயோஜனம்? போனில் நீக்கினால் போன்தான் காரை மறக்கும், கார் போனை மறக்காது.

அந்தக் காரில்தான் வாரம் தவறாமல் என் தங்கையைப் பார்க்கப் போய்வந்தேன். அடித்துத் துவைத்த கணவனை விட்டுவிட்டு, தெற்கே பனங்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் ஒளிந்திருந்தாள். ஊரின் பெயரை இப்போதும் எழுத மாட்டேன். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. அதனால் காரின் திரையிலேயே வழி போட்டு, 'தங்கச்சி வீடு' என்று சேமித்து வைத்திருந்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தான்.

வண்ணார்பேட்டையில் பழைய கார் விற்றுத் தரும் அண்ணாச்சி, அன்று காலை தன் இடத்துக்கு ஒருவரை வரச் சொல்லியிருந்தார்; நானும் காரோடு போயிருந்தேன். வந்தவர் இளைஞர், வெள்ளை வேட்டி. வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. டயரை உதைத்துப் பார்க்காமல் கார் வாங்க வந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"ராகுகாலம் வாறதுக்குள்ள சாவிய வாங்கிரணும் டீச்சர்" என்றார். பிறகு சிரித்தபடி, "உங்க தங்கச்சி வீட்டுக்காரரு நமக்கு ரொம்ப வேண்டியவரு. அவருதான் இந்த வண்டிய வாங்கச் சொன்னாரு" என்றார்.

அவனும் ஒரு காலத்தில் இந்தக் காரில் வந்தவன்தான். நான் திரையில் வழி போட்டு ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

ஓட்டுநர் இருக்கையில் பாய்ந்து உட்கார்ந்து சாவியைப் போட்டேன். திரை ஒளிர்ந்தது. இணைந்த போன்கள் பட்டியலில் என் பெயர் அப்படியே இருந்தது. தொட்டால் என் தொடர்புகள் அத்தனையும் வரும். வழிகாட்டிப் பக்கத்தில், முதல் வரியில், 'தங்கச்சி வீடு'.

அதற்குள் வந்தவர் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். நான் சட்டென்று முதல் பக்கத்துக்கு மாற்றினேன். பார்த்தாரா இல்லையா தெரியவில்லை.

"வண்டிய எறங்கிக் குடுங்க டீச்சர், நேரம் போவுது."

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.

போனை மட்டும் அழித்தால் தொடர்புகள் போய்விடும், போன இடங்கள் போகாது என்பது அப்போது புரிந்தது. செட்டிங்ஸில் தேடி, கடைசியில் ஃபேக்டரி ரீசெட்டைக் கண்டுபிடித்தேன். எல்லாத் தகவலும் அழியும், சம்மதமா என்று கேட்டது. அமுக்கினேன். முடியும்வரை வண்டியை அணைக்கக் கூடாது என்று எழுத்து வந்து, அதற்குக் கீழே ஒரு கோடு நத்தை வேகத்தில் நகர ஆரம்பித்தது.

"என்ன செய்யுதிய?" அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கை சாவியை நோக்கி வந்தது.

சாவியின் மேல் என் கையை வைத்துப் பொத்திக்கொண்டேன். "கைய எடும்வே!" என்று கத்தினேன். இருபது வருடமாக வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை.

அண்ணாச்சி ஓடிவந்தார். "எதுக்கு சத்தம்? தம்பி, பைய இரும். டீச்சர், ராகுகாலம் வந்துட்டுன்னா பெறவு நாளைக்குத்தான்."

"நாளைக்கே ஆகட்டும் அண்ணாச்சி. என் சொந்த விஷயம் இதுக்குள்ள கெடக்கு. அழிச்சிட்டுத்தான் எறங்குவேன்."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, "எறங்கும் தம்பி, அவிய முடிக்கட்டும்" என்றார். அந்த இளைஞர் இறங்கினார். திரை கறுத்தது. கெட்டுப்போயிற்றோ என்று நினைத்தேன். பிறகு வெளிச்சம் வந்து, எந்த மொழி வேண்டும் என்று புதுக் கார் மாதிரி கேட்டது. போன் பட்டியலைத் திறந்தேன், காலி. போன இடங்கள், காலி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

அவர் ஏறி உட்கார்ந்தார். என்ஜினைக் கிளப்பவில்லை, கண்ணாடியைச் சரிசெய்யவில்லை. நேராகத் திரையைத்தான் தொட்டார். வழிகாட்டி, போன், மறுபடி வழிகாட்டி. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, சாவியை அண்ணாச்சியின் கையில் வைத்தார்.

"வண்டி வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்வே? இம்புட்டு அவசரப்பட்டீரே?"

வந்தவர் ரோட்டைப் பார்க்க நடந்தார். நடந்துகொண்டே போனைக் காதில் வைத்தார். பஸ் இரைச்சலுக்கு நடுவிலும் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணும் இல்லண்ணே. அவிய எல்லாத்தையும் அழிச்சிட்டாவ."